நர்சரி வாசலில் அழும் குழந்தை: நழுவுவதா, கூடவே இருப்பதா, டாட்டா சொல்லிக் கிளம்புவதா?

ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடைப்பட்ட குழந்தையை முதன்முதலாக நர்சரியில் விடும்போது, பெற்றோர் பொதுவாக நான்கில் ஒன்றைச் செய்கிறார்கள். குழந்தையின் கவனம் பொம்மையில் இருக்கும் நேரம் பார்த்துச் சொல்லாமல் நழுவிவிடுகிறார்கள். அல்லது அழுகை நிற்கும்வரை கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அல்லது சுருக்கமாக டாட்டா சொல்லிவிட்டு, குழந்தை அழுதாலும் கிளம்பிவிடுகிறார்கள். நான்காவதாக ஒரு வழி உண்டு. முதல் சில நாட்கள் தாங்களும் வகுப்புக்குள் இருந்து, குழந்தை அங்குள்ள ஒருவரிடம் ஒட்டிக்கொண்ட பிறகு, பிரிந்திருக்கும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது.

காலை நேரத்தில் வாசலில் நின்று குழந்தைகளைக் கையில் வாங்குவது என் வேலை. இந்த நான்கையும் அந்தப் பக்கத்திலிருந்து, அதாவது கதவு மூடிய பிறகு உள்ளே என்ன நடக்கிறது என்பதிலிருந்து பார்த்திருக்கிறேன். பெற்றோருக்குத் தெரிவது கதவு மூடுவதற்கு முந்தைய மூன்று நிமிடங்கள் மட்டும்தான். அதை வைத்து முடிவெடுத்தால் பெரும்பாலும் தவறான வழிதான் நல்ல வழியாகத் தெரியும்.

முதலில் அழுகை எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். ஏறக்குறைய எட்டு மாத வயதில், கண்ணை விட்டு மறைந்த ஒன்று வேறெங்கோ இருக்கிறது என்பது குழந்தைக்குப் புரியத் தொடங்குகிறது. அம்மா இல்லாதபோது அம்மாவை நினைக்கத் தெரிகிறது. ஆனால் அம்மா எப்போது வருவாள் என்று கணக்கிடத் தெரிவதில்லை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பிரிவுப் பதற்றம் உட்கார்ந்திருக்கிறது. பத்து மாதத்திலிருந்து ஒன்றரை வயதுவரை அது உச்சத்தில் இருக்கும். பெரும்பாலான குழந்தைகளிடம் மூன்று வயதை ஒட்டித் தணியும். எனவே இரண்டு வயதுக் குழந்தை வாசலில் அழுவது வளர்ச்சியில் குறை இருப்பதற்கான அடையாளம் ஆகாது, செல்லம் கொடுத்துக் கெடுத்ததன் விளைவும் ஆகாது. தன்னை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் ஒரு வழி நல்லதா என்பதை எதை வைத்துச் சொல்வது? அழுகையின் அளவை வைத்துச் சொல்ல முடியாது. குழந்தைக்கும் அம்மாவுக்கும் உள்ள பிணைப்பை ஆராய்ந்த மேரி எய்ன்ஸ்வர்த், அம்மா அறையை விட்டுப் போவதும் திரும்பி வருவதுமாக ஒரு சிறு சோதனையை வடிவமைத்தார். அதில் அவர் முக்கியமாகக் கவனித்தது, அம்மா போனபோது குழந்தை எவ்வளவு அழுதது என்பதை விட, திரும்பி வந்தபோது அது என்ன செய்தது, அம்மாவின் அணைப்பில் சமாதானமாகி மறுபடி விளையாடப் போனதா என்பதைத்தான். வாசலிலும் இதையே கேட்கலாம் என்பது என் எண்ணம். பிரிவு நடக்கப்போகிறது என்பது குழந்தைக்கு நேர்மையாகச் சொல்லப்பட்டதா? அழுதால் தூக்கிச் சமாதானப்படுத்த, அதற்குத் தெரிந்த ஒரு ஆள் உள்ளே இருக்கிறாரா? கீழே நான்கு வழிகளையும் இந்த இரண்டு கேள்விகளை வைத்தே உரசிப் பார்க்கிறேன்.

சொல்லாமல் நழுவுவது

வாசலில் அழுகையே இருக்காது. அதனால் இதுதான் மென்மையான வழி என்று பலர் மனதார நம்புகிறார்கள். வீட்டுப் பெரியவர்களும், சில இடங்களில் டீச்சர்களுமேகூட, "பொம்மையைக் காட்டுறேன், நீங்க அப்படியே போயிடுங்க" என்பார்கள்.

உள்ளே நடப்பது வேறு. ஐந்தாறு நிமிடம் கழித்துக் குழந்தை நிமிர்ந்து பார்க்கும். அம்மா உட்கார்ந்திருந்த இடம் காலியாக இருக்கும். கதவுக்குப் போகும், திரும்பி வரும், மறுபடி கதவுக்குப் போகும். இந்த அழுகையில் கோபத்தை விடத் திகில்தான் அதிகம், அதனால் இதை அடக்குவது கடினம். ஏனென்றால் அந்த நேரத்தில் பொம்மையைக் காட்டிய ஆளையும் குழந்தை நம்புவதில்லை. விளையாட்டில் கவனம் போனபோதுதானே அம்மா காணாமல் போனாள்? அடுத்த நாள் பொம்மையை நீட்டினால் வாங்காது. அம்மாவின் துணியைக் கையில் பிடித்துக்கொண்டே சுற்றிப் பார்க்கும்.

இதன் விலை வீட்டில்தான் தெரியும். இரண்டு மூன்று முறை நழுவிய பிறகு, குழந்தை வீட்டிலும் அம்மாவைக் கண்காணிக்கத் தொடங்குகிறது. குளியலறைக் கதவுக்கு வெளியே உட்கார்ந்து அழும். அடுத்த அறைக்கு எழுந்து போனால் பின்னாலேயே வரும். இரவில், கண்ணை மூடினால் ஆள் போய்விடுவார் என்பதுபோல் தூக்கத்தை எதிர்த்து விழித்திருக்கும். "நர்சரியில் அழவே இல்லையாம், ஆனால் வீட்டில் திடீரென்று இப்படி ஒட்டிக்கொள்கிறாள்" என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது எப்படிக் கிளம்புகிறீர்கள் என்பதைத்தான்.

நான்கில் இந்த ஒன்றை மட்டும் எந்தச் சூழ்நிலைக்கும் நான் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே அப்படிச் செய்து வந்திருந்தால் நாளையிலிருந்து நிறுத்தலாம். சொல்லிவிட்டுப் போகத் தொடங்கும் முதல் வாரத்தில் வாசல் அழுகை கூடத்தான் செய்யும். அது எதிர்பார்க்க வேண்டியதுதான்.

அழுகை நிற்கும்வரை கூடவே இருப்பது

இது அன்பினால் வருவது, அதனால் குறை சொல்லவே மனம் வராது. முதல் ஓரிரு நாள் இதில் தவறும் இல்லை. சிக்கல் எங்கே என்றால், இதில் முடிவு எப்போது என்பது குழந்தைக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அழுகை நின்றால் அம்மா எழுந்திருக்கிறாள், எழுந்ததும் அழுகை தொடங்குகிறது, உடனே உட்கார்கிறாள். பிரிவு என்ற ஒரே நிகழ்வு அரை மணி நேரத்தில் நாலைந்து முறை நடந்துவிடுகிறது. கூடவே, அழுதால் அம்மா உட்காருகிறாள் என்பதும், அமைதியானால் போய்விடுகிறாள் என்பதும் குழந்தைக்குப் பதிந்துவிடுகிறது. அமைதியாவதே ஆபத்து என்று ஆகிவிட்டால் எந்தக் குழந்தைதான் அமைதியாகும்?

இன்னொன்றும் நடக்கிறது. அம்மா மடியில் இருக்கும்வரை, சமாதானப்படுத்தும் வேலை டீச்சர் கைக்கு வருவதே இல்லை. அவர் இரண்டடி தள்ளி நின்று சிரித்துக்கொண்டிருப்பார். பத்து நாள் இப்படிப் போனாலும் அந்த டீச்சர் குழந்தைக்கு அந்நியர்தான். கூட இருப்பதால் குழந்தைக்குப் பயன் கிடைக்க வேண்டுமென்றால் அதற்கு ஒரு ஒழுங்கு வேண்டும். அதுதான் நான்காவது வழி.

டாட்டா சொல்லிவிட்டுக் கிளம்புவது

உள்ளே தெரிந்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்றால் இதுவே போதும். மூன்று வயதை நெருங்கும் குழந்தை, முன்பே வேறு ஒருவரிடம் இருந்து பழகிய குழந்தை, விடுமுறைக்குப் பிறகு அதே வகுப்புக்குத் திரும்பும் குழந்தை என்றால் தயங்காமல் இதையே செய்யலாம். ஆனால் எப்படிச் செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பிரிவு வாசலில் தொடங்கக் கூடாது. வீட்டில் செருப்பு மாட்டும்போதே சொல்லிவிடலாம்: "இப்ப நர்சரிக்குப் போறோம். அம்மா உன்னை மிஸ்கிட்ட கொடுத்துட்டு ஆபீஸ் போயிட்டு வருவேன்." இரண்டு வயதுக் குழந்தைக்கு மணி தெரியாது. எனவே வரும் நேரத்தை, அன்றைக்கு நடக்கும் ஒன்றோடு கட்டிச் சொல்ல வேண்டும்: "நீ சாப்பிட்டு, தூங்கி எழுந்ததும் அம்மா வந்திருப்பேன்." சீக்கிரம் வருவேன் என்று சொல்லாதீர்கள். அந்தச் சொல்லைக் குழந்தை அடுத்த நிமிடமே சோதித்துப் பார்க்கும்.

வாசலில் ஒரே மாதிரியான ஒரு சின்னச் சடங்கு. ஒரு கட்டிப்பிடிப்பு, இரண்டு கன்னத்திலும் முத்தம், ஜன்னலில் ஒரு டாட்டா, இப்படி எதுவாகவும் இருக்கலாம். தினமும் அதே வரிசையில், ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அப்புறம் குழந்தையை நீங்களே டீச்சர் கையில் கொடுங்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு அசைவு நிறைய மாற்றத்தைக் கொண்டுவருகிறது. டீச்சர் பின்னாலிருந்து குழந்தையை இழுத்துப் பிரித்தால், அம்மாவிடமிருந்து தன்னைப் பறித்தவர் என்று குழந்தை அவரைப் பார்க்கும். அம்மா தன் கையால், அவர் பெயரைச் சொல்லிக் கொடுத்தால், அம்மாவுக்கு இவர்மேல் நம்பிக்கை இருக்கிறது என்பதைக் குழந்தை அம்மாவின் உடம்பிலிருந்தே படித்துக்கொள்கிறது. உங்கள் முகம் சாதாரணமாக இருக்கட்டும். கண் கலங்கினால் கதவைத் தாண்டிய பிறகு அழுதுகொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

"அழக் கூடாது, நீ பெரிய பிள்ளை இல்லையா?" என்பதற்குப் பதிலாக, "அம்மா போறது உனக்குப் பிடிக்கலை, தெரியுது. மிஸ் உன்னைத் தூக்கிப்பாங்க. தூங்கி எழுந்ததும் வர்றேன்" என்று சொல்லலாம். குழந்தையின் வருத்தத்துக்குப் பெயர் வைக்கிறோம், அடுத்து என்ன நடக்கும் என்றும் சொல்கிறோம். அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

கிளம்பிய பிறகு திரும்பி உள்ளே வராதீர்கள். பை மறந்துபோனால் வேறு யாரிடமாவது கொடுத்தனுப்புங்கள். அழுகைச் சத்தம் கேட்டு ஒருநாள் திரும்பி வந்துவிட்டால், இன்னும் சத்தமாக அழுதால் இன்றும் வருவாளோ என்று குழந்தை பல நாட்கள் காத்திருக்கும். பத்து நிமிடம் கழித்து போன் செய்து கேட்பது நல்லது. கேட்கும்போது "அழறாளா?" என்று மட்டும் கேட்காமல், "யார்கிட்ட இருக்கா, என்ன பண்றா?" என்று கேளுங்கள்.

இந்த வழி எப்போது தோற்கும்? குழந்தைக்கு உள்ளே யாரையுமே தெரியாதபோது. ஒன்றரை வயதுக் குழந்தையை முதல் நாளே ஒரு முத்தத்தோடு விட்டுவிட்டுப் போனால், சடங்கு எவ்வளவு அழகாக இருந்தாலும் அது அந்நியர்கள் நடுவே விடப்பட்டிருக்கிறது. அப்படிப்பட்ட குழந்தைகளில் சிலர் இரண்டாம் வாரத்தில் அழுவதை நிறுத்திவிடுவார்கள். பெற்றோர் பழகிவிட்டாள் என்று மகிழ்வார்கள். அழுகை நின்றுவிட்டது, ஆனால் குழந்தை விளையாடவில்லை, யார் மடியிலும் ஏறவில்லை, சாப்பாட்டைத் தொடவில்லை, ஒரே மூலையில் பையை அணைத்தபடி உட்கார்ந்திருக்கிறது என்றால் அதைப் பழக்கம் என்று சொல்ல மாட்டேன். யாரும் வரப்போவதில்லை என்று அது கைவிட்டுவிட்டது. சத்தமாக அழுது, டீச்சர் தோளில் சாய்ந்து தேம்பித் தேம்பி ஓய்ந்து, பிறகு மணல் தொட்டிக்குப் போகும் குழந்தையைப் பற்றி எனக்குக் கவலை குறைவு.

உள்ளே இருந்து, படிப்படியாகப் பிரிவது

ஜெர்மனியில் இதற்கு பெர்லின் மாதிரி என்றே பெயர். 1980களில் அங்கே உருவான முறை, இன்றும் அங்குள்ள பல குழந்தைக் காப்பகங்களில் இதையே பின்பற்றுகிறார்கள். இரண்டேகால் வயதுக் குழந்தை ஒருத்தியை எடுத்துக்கொண்டு நாள்நாளாகப் பார்ப்போம்.

முதல் மூன்று நாள் பிரிவே கிடையாது. அம்மாவோ அப்பாவோ குழந்தையோடு வந்து சுமார் ஒரு மணி நேரம் வகுப்பில் இருந்துவிட்டு, சேர்ந்தே வீடு திரும்புகிறார்கள். வருகிற பெரியவர் ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். குழந்தையை விளையாடச் சொல்லித் தள்ளவும் கூடாது, தானே முன்னின்று விளையாட்டு நடத்தவும் கூடாது. குழந்தை ஓடி வந்தால் அணைத்துக்கொள்ளலாம், கிளம்பினால் விட்டுவிடலாம். போனைப் பைக்குள் வையுங்கள். குழந்தை எத்தனை முறை திரும்பிப் பார்த்தாலும் உங்கள் கண் அங்கே இருக்க வேண்டும். இதற்கிடையில், குழந்தைக்கென்று குறிக்கப்பட்ட ஒரே டீச்சர், முதல் நாள் சற்றுத் தள்ளி உட்கார்ந்து விளையாடுவார். இரண்டாம் நாள் குழந்தை நீட்டிய கட்டையை வாங்கிக்கொள்வார். மூன்றாம் நாள் தண்ணீர் கொடுப்பது, டயபர் மாற்றுவது போன்றவற்றை அம்மாவின் கண்முன்னே அவர் செய்யத் தொடங்குவார்.

நான்காம் நாள் முதல் பிரிவு. வந்து சில நிமிடம் ஆனதும் அம்மா சொல்லிவிட்டு எழுந்து வெளியே போகிறாள், ஆனால் கூப்பிடு தூரத்தில் இருக்கிறாள். இந்த முதல் பிரிவை வார விடுமுறைக்கு மறுநாளில் வைப்பதில்லை. வீட்டிலேயே இருந்துவிட்டு வந்த குழந்தைக்கு அன்று எல்லாம் புதிதாகத் தெரியும்.

இனி கவனிக்க வேண்டியது ஒன்றுதான். நம் குழந்தை அழுகிறாள். டீச்சர் தூக்குகிறார். சில நிமிடங்களில் அவர் கையிலேயே அழுகை தணிந்தால், அரை மணி நேரம்வரை அம்மா வெளியே இருக்கலாம். தணியவில்லை, அல்லது டீச்சரைத் தள்ளிவிட்டுக் கதவையே பார்த்து இன்னும் பலமாக அழுகிறாள் என்றால், அம்மா இரண்டு மூன்று நிமிடத்திலேயே உள்ளே வந்துவிட வேண்டும். மேலே டாட்டா வழியில் திரும்பி வராதீர்கள் என்று சொன்னேன், இங்கே வரச் சொல்கிறேன். அங்கே குழந்தைக்குச் சமாதானம் சொல்ல ஆள் இருக்கிறார், இங்கே இன்னும் இல்லை. வந்ததும் அணைத்துக்கொண்டு, அன்றைய பொழுதை அதோடு முடித்து வீட்டுக்குப் போய்விடலாம்.

நம் குழந்தைக்கு முதல் முயற்சி பலிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். ஐந்தாம், ஆறாம் நாட்களில் மறுபடி பிரிவு இல்லை. டீச்சர் அவளைத் தொட்டுப் பார்த்துக்கொள்ளும் நேரத்தை மட்டும் கூட்டுகிறோம். அடுத்த வாரத்தின் நடுவில் இன்னொரு முயற்சி. இந்த முறை ஐந்து நிமிடம் அழுதாள், டீச்சர் மடியிலிருந்து இறங்கவில்லை, ஆனால் மடியில் இருந்தபடியே புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினாள். போதும். அடுத்த நாள் அரை மணி, பிறகு ஒரு மணி, பிறகு சாப்பாடு முடியும்வரை. பகல் தூக்கம் கடைசியாக. தூங்குவதற்குத்தான் அதிக நம்பிக்கை வேண்டும். எனவே நர்சரியில் தூங்கி, எழுந்ததும் அந்த டீச்சரைத் தேடுகிறாள் என்றால் பழகிவிட்டாள் என்று சொல்லலாம். எளிதில் சமாதானமாகும் குழந்தைகளுக்கு இது ஆறேழு நாளில் முடிந்துவிடும். மற்றவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகும்.

இதன் குறை வெளிப்படையானது. இதற்கு விடுப்பு வேண்டும், நர்சரியின் ஒத்துழைப்பும் வேண்டும். இரண்டும் எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. பெற்றோரை வகுப்புக்குள் விட மாட்டோம் என்று சொல்லும் இடமாக இருந்தால், வகுப்பு காலியாக இருக்கும் ஒரு நேரத்தில் குழந்தையோடு வந்து அந்த டீச்சருடன் அரை மணி நேரம் இருக்க அனுமதி கேட்கலாம். அதையே இரண்டு மூன்று நாள் செய்யலாம். டீச்சரின் படத்தை வாங்கி வீட்டில் காட்டிப் பேசலாம். முதல் வாரம் முழுநாள் வைக்காமல் ஒரு மணி, இரண்டு மணி என்று கூட்டலாம். அம்மாவுக்கு விடுப்பு இல்லையென்றால் அப்பா வரலாம், தாத்தா பாட்டி வரலாம். குழந்தைக்கு நெருக்கமான, பதறாத ஆளாக இருக்க வேண்டும், அந்த நாட்கள் முழுவதும் அதே ஆளாகவும் இருக்க வேண்டும்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

நர்சரியைப் பார்க்கப் போகும்போதே ஒரு கேள்வி கேளுங்கள்: காலையில் என் குழந்தையை யார் வாங்குவார்? ஒரு பெயர் சொன்னால், அவர் தினமும் இருப்பாரா என்றும் கேளுங்கள். "யார் இருக்காங்களோ அவங்க" என்ற பதில் வந்தால், எந்த வழியும் சரியாக வேலை செய்யாது.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால், அல்லது இதுவரை யாரிடமும் விட்டிராத குழந்தை என்றால், எத்தனை நாள் முடிகிறதோ அத்தனை நாள் நான்காவது வழி. அது முடிந்ததும் தானாகவே டாட்டா வழியாக மாறிவிடும். மூன்றை நெருங்கும், முன்பழக்கம் உள்ள குழந்தைக்கு டாட்டா வழியிலேயே தொடங்கலாம். வீட்டில் எப்போதும் கையில் வைத்திருக்கும் போர்வைத் துண்டோ பொம்மையோ இருந்தால் கூடவே அனுப்புங்கள். அதைத் துவைத்து அனுப்ப வேண்டாம், வீட்டு வாசனை அதில் இருப்பதுதான் நல்லது. அதை உயரத்தில் இருக்கும் அலமாரியில் பூட்டி வைக்காமல், குழந்தை தானே எடுத்துக்கொள்ளும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

நர்சரி தொடங்கும் வாரங்களில் இரவும் சற்றுக் கலங்கும். பகலில் பிரிந்திருந்ததை இரவில் ஈடுகட்டக் கேட்பதுபோல, தூங்கும் நேரத்தில் கூடுதலாக ஒட்டிக்கொள்வார்கள். தனி அறைக்கு மாற்றுவது, பால் மறக்கடிப்பது, டயபரை நிறுத்துவது எதையும் இந்த மாதத்தில் தொடங்காதீர்கள். தூங்கும்வரை பக்கத்தில் இருங்கள்.

அழைத்துவர முதல் சில வாரங்கள் சொன்ன நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடுங்கள். உங்களைப் பார்த்ததும் குழந்தை அழுதால், நாள் முழுவதும் மோசமாகப் போயிருக்கிறது என்று நினைத்துவிட வேண்டாம். பத்திரமான ஆள் வந்ததும் அடக்கி வைத்தது வெளியே வருகிறது. கொஞ்ச நேரம் தூக்கி வைத்துக்கொண்டு, டீச்சருக்கு டாட்டா சொல்ல வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நோய்க்குப் பிறகும், நீண்ட விடுமுறைக்குப் பிறகும் அழுகை திரும்ப வரும். இரண்டு மூன்று நாளில் தணிந்தால் கவலைப்பட ஒன்றும் இல்லை.

ஒரு மாதம் தாண்டியும் குழந்தை யாரிடமும் சமாதானமாகவில்லை, அங்கே சாப்பிடுவதோ தூங்குவதோ இல்லை, காலையானால் வாந்தி, வயிற்றுவலி என்று உடம்பு சொல்லத் தொடங்குகிறது என்றால், முதலில் டீச்சரோடு உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பில் ஆள் மாறினார்களா, ஒருவர் பொறுப்பில் குழந்தைகள் அதிகமாகிவிட்டார்களா என்று கேளுங்கள். அங்கே காரணம் தெரியவில்லை என்றால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். குழந்தைகளிடம் பிரிவுப் பதற்றத்தை ஒரு கோளாறாகக் கருதுவதற்கு, அது குறைந்தது நான்கு வாரம் நீடித்திருக்க வேண்டும், வயதுக்கு மிஞ்சியதாகவும் அன்றாடத்தைக் குலைப்பதாகவும் இருக்க வேண்டும் என்பதுதான் மருத்துவர்கள் பயன்படுத்தும் அளவுகோல். போகும்போது, காலை அழுகை எத்தனை நிமிடம் நீடித்தது, யார் கையில் நின்றது, பகலில் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு தூங்கினாள் என்று ஒரு வாரத்துக்கு டீச்சரிடம் கேட்டு எழுதி எடுத்துக்கொண்டு போங்கள்.